விகுதியைத் திருத்தலாம், பகுதியைத் தொட வேண்டாம்

பத்து வயதுக் குழந்தை வீட்டுப்பாடமாக எழுதிக்கொண்டு வருகிற கட்டுரையைத் திருத்த உட்காரும் பெரியவர்களுக்குத் தமிழில் ஒரு விசேஷமான சங்கடம் இருக்கிறது. குழந்தை பேசுகிற பாஷை ஒன்று, பள்ளிக்கூடம் எழுதச் சொல்கிற பாஷை வேறொன்று. ஆகையால் குழந்தை தன் மனத்தில் தோன்றியதைத் தோன்றியவாறே எழுதினால் ஏறக்குறைய ஒவ்வொரு வாக்கியத்திலும் நம்முடைய பென்சில் பட்டே ஆக வேண்டியிருக்கிறது. பட்ட பென்சில் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நிற்பதில்லை. 'இருக்கு' என்பதை 'இருக்கிறது' என்று மாற்றப் போனவர்கள், அடுத்த வரியில் 'பெரிய கோயில்' என்பதைச் 'சீரும் சிறப்பும் வாய்ந்த திருக்கோயில்' என்று மாற்றிவிட்டு, இரண்டும் ஒரே காரியந்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் ஒரே காரியம் அல்ல என்பதைச் சற்று விரிவாக எழுத வேண்டும் என்பது நெடுநாளாக எனக்கிருந்த ஆசை. பல வருஷங்கள் தமிழாசிரியனாக வேலை பார்த்துவிட்டு இப்போது உத்திரமேரூரில் மகன் வீட்டில் இருக்கும் எனக்கு, ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பேத்தியின் கட்டுரை ஒன்று அதற்குத் தகுந்த உதாரணமாக வாய்த்தது.

தலைப்பு, 'எங்கள் ஊர்'. நம் பள்ளிக்கூடங்களில் இதைவிடப் பழைய தலைப்பு ஒன்று இருக்குமா என்பது சந்தேகமே. அவள் ரூல் போட்ட நோட்டில் எழுதிக்கொண்டு வந்த முதற் படியை, பிழைகளோடு அப்படியே தருகிறேன்.

"எங்க ஊர் பேரு உத்திரமேரூர். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல கல்வெட்டு கோயில் இருக்கு. அந்த சுவருல எலுத்து நிரைய இருக்கு. ஆனா எனக்கு ஒன்னுமே படிக்க வரல. அது தமிழ்தான்னு டீச்சர் சொன்னாங்க. நான் கைய வெச்சு தடவுனேன். சுட்டுச்சு. அந்த காலத்துல ஓலையில பேரு எலுதி குடத்துல ஓட்டு போட்டாங்களாம். ஒரு சின்ன பையன்தான் எடுக்கனுமாம். அதுல யாரு பேரு இருக்குன்னு அவனுக்கு தெரியாதாம். அவன் பேரு கல்வெட்டுல இல்ல. எனக்கு அது புடிக்கல."

வெளியூர் வாசகர்களுக்காக இரண்டு வார்த்தை. கல்வெட்டுக் கோயில் என்று இங்கே வழங்கும் வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-இலும் 921-இலும் பொறிக்கப்பட்ட இரண்டு கல்வெட்டுகள், இவ்வூர்ச் சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளை விவரிக்கின்றன. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, முப்பத்தைந்து வயதுக்கு மேல் எழுபது வயதுக்குட்பட்டு, கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் உடையவர்களாய், வேறு சில தகுதிகளும் பொருந்தியவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சபையோர் முன்னிலையில், உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு ஓலை எடுக்கச் செய்தார்கள். எடுத்த ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்கி உரக்கப் படிக்க வேண்டும் என்பது வரையில் விதி இருக்கிறது. ஊரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் இதை எழுதுவார்கள். ஆனால் அந்தச் சிறுவனிடத்தில் போய் நின்றவர்களை நான் அதிகம் கண்டதில்லை. பேத்தி நின்றிருக்கிறாள். அந்தக் கட்டுரையில் காப்பாற்ற வேண்டியது எது என்பது எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

திருத்தத்தின் முதற் காரியம், பென்சிலைக் கையில் எடுக்காமல், எழுதியவளையே உரக்கப் படிக்கச் சொல்வது. இதில் ஒரு சௌகரியம் உண்டு: காதுக்குத் தெரியும் பிழைகளும் காதுக்குத் தெரியாத பிழைகளும் தாமாகவே பிரிந்துவிடும். "அந்த சுவருல" என்று எழுதியிருந்தவள் வாயால் படிக்கும்போது "அந்தச் சுவருல" என்றே படித்தாள். "சின்ன பையன்" என்பதைச் "சின்னப் பையன்" என்றே படித்தாள். ஒற்று அவள் நாவில் இருக்கிறது, நோட்டில் மட்டுமே இல்லை. "நீ படிச்சதுக்கும் எழுதினதுக்கும் ஏதாவது வித்தியாசம் இருக்கா, கண்ணு?" என்று கேட்டவுடன் அவளே கண்டுபிடித்தாள். அந்த, இந்த, எந்த என்னும் மூன்றுக்கும் பின்னே க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும் என்கிற ஒரே விதியை மட்டும் சொல்லி, மற்ற வலிமிகும் இடங்களுக்கெல்லாம் காதையே நம்பச் சொன்னேன். பத்து வயதில் சந்தி இலக்கணம் முழுவதையும் ஒரே மாலையில் சொல்ல முயல்கிறவர்கள், குழந்தைக்குக் கட்டுரையின்மேலேயே வெறுப்பு வரும்படி செய்கிறார்கள்.

எலுத்து, நிரைய, எடுக்கனும் ஆகிய மூன்றும் வேறு ஜாதி. நம் பக்கத்துப் பேச்சில் ழகரம் நழுவிவிடுகிறது. ரகரத்துக்கும் றகரத்துக்கும், னகரத்துக்கும் ணகரத்துக்கும் பேச்சில் பேதமே இல்லை. ஆகவே எத்தனை முறை உரக்கப் படித்தாலும் காது இவற்றைப் பிடித்துத் தராது. கண்தான் பிடிக்க வேண்டும். இங்கேதான் பென்சில் வருகிறது. சரியான எழுத்தை மேலே எழுதிக் கொடுக்காமல் தவறான எழுத்தின் கீழே மெல்லிய கோடு மட்டும் போட்டேன். எலுத்து, எலுதி என்று இரண்டு இடத்தில் இருந்தாலும் பிழை ஒன்றே என்பதை அவள் காண வேண்டும் என்பதற்காக இரண்டு கோடுகளையும் ஒரு வளைவால் இணைத்தேன். அவள் தன் தமிழ்ப் புத்தகத்தைப் புரட்டி 'எழுத்து' என்ற சொல்லைத் தேடி எடுத்தாள்; 'எழுதி' அதனோடு தானே வந்துவிட்டது. சிவப்பு மை வேண்டாம் என்பதும் என் அபிப்பிராயம். பென்சில் கோட்டைக் குழந்தை தானே அழித்துவிடலாம். அழித்தபின் பக்கத்தில் அவள் எழுத்து மட்டுமே மிஞ்சும்.

இனி, நான் முதலில் சொன்ன சங்கடத்துக்கு வருகிறேன். பேச்சு வழக்கை எழுத்து வழக்காக மாற்றுவது அவசியமே. அதை மறுக்க நான் வரவில்லை. ஆனால் தமிழில் இந்த மாற்றம் பெரும்பாலும் சொல்லின் கடைசியிலேயே நடந்துவிடுகிறது என்பதைக் கவனித்துப் பார்த்தால், குழந்தையின் குரலுக்குத் தீங்கு செய்யாமலே காரியத்தை முடித்துவிடலாம் என்பது தெரியும். 'தடவுனேன்' என்பது 'தடவினேன்' ஆகிறது, 'சுட்டுச்சு' என்பது 'சுட்டது' ஆகிறது, 'வரல' என்பது 'வரவில்லை' ஆகிறது; இவற்றில் தடவு, சுடு, வா என்னும் பகுதிகள் அவளுடையனவாகவே நிற்கின்றன. கைவைத்தது விகுதியிலும் இடைநிலையிலுமே. என் மகனோ, நல்ல உத்தேசத்தோடுதான், "தடவினேன்னு எழுதினா நல்லாவா இருக்கு? தொட்டு வியந்தேன்னு எழுதச் சொல்லுங்கப்பா" என்றான். அவள் வியக்கவில்லை. தடவினாள், கை சுட்டது. 'எனக்கு ஒன்றுமே படிக்க வரவில்லை' என்பதை 'என்னால் வாசிக்க இயலவில்லை' என்று மாற்றலாம் என்பது அவனுடைய இரண்டாவது யோசனை. இலக்கணத்தில் இரண்டும் சரியே. ஆனால், படிக்கத் தெரிந்த ஒரு குழந்தை, தன் பாஷையிலேயே எழுதப்பட்டிருக்கிறது என்று சொல்லப்பட்ட ஒன்றின் எதிரே நின்று 'வரவில்லை' என்று சொல்லும்போது அதில் ஓர் ஏக்கம் இருக்கிறது. 'இயலவில்லை' என்று எழுதினால் அது விடுப்பு விண்ணப்பத்தின் வாசகமாகிவிடும்.

ஆகவே நான் வைத்துக்கொண்டிருக்கிற வரம்பு இது: விகுதியை நான் சுட்டிக்காட்டலாம், பகுதியைத் தொடலாகாது, வாக்கியங்களின் வரிசையையும் நீளத்தையும் தொடலாகாது. இந்த வரம்பு எல்லா இடத்திலும் சுலபமாகப் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். 'பஸ் ஸ்டாண்டு' என்பதில் பகுதியே மாற வேண்டியிருந்தது. ஆனால் 'பேருந்து நிலையம்' என்பது அவள் நாள்தோறும் பலகையில் படிக்கிற சொல், ஆகையால் எழுத்தில் எது வேண்டும் என்று கேட்டவுடன் அவளே அதைச் சொன்னாள். 'டீச்சர்' என்பதை 'ஆசிரியர்' ஆக்கலாமா என்று கேட்டபோது, "டீச்சரை நாங்க டீச்சர்னுதான தாத்தா கூப்பிடுறோம்?" என்றாள், விட்டுவிட்டேன். 'சொன்னாங்க' என்பதைச் 'சொன்னார்' என்று மாற்றலாம் என்றதற்கு, "மரியாதை குறைஞ்ச மாதிரி இருக்கு" என்று முகத்தைச் சுளித்தாள். 'சொன்னார்கள்' என்று உயர்வு தோன்றப் பன்மையில் எழுதுவதும் தமிழில் வழங்குவதுதான், அதை எழுதினாள். 'எழுத்து நிறைய இருக்கிறது' என்பதை 'எழுத்துகள் நிறைய இருக்கின்றன' என்று மாற்ற என் கை அரித்தது உண்மை. அஃறிணையில் ஒருமை பன்மைக்கும் நிற்பது நம் மரபில் இருப்பதால் அதையும் அப்படியே விட்டேன். உயர்திணையில் 'பையன்கள் வந்தது' என்று எழுதியிருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

அவள் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. திருத்துகிறவர்கள் முதலில் வெட்டியெறிவதும் அதுவே. கோயில், சுவர், சூடு இவற்றைப் பற்றி எழுதும்போது 'இருக்கு', 'சுட்டுச்சு' என்று நேராக முடித்தவள், ஓலையையும் குடத்தையும் பற்றி எழுதத் தொடங்கியவுடன் 'போட்டாங்களாம்', 'எடுக்கனுமாம்', 'தெரியாதாம்' என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் 'ஆம்' சேர்த்துவிட்டாள். கண்டது ஒன்று, கேட்டது ஒன்று என்ற விவேகத்தை யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவள் வாக்கியம் கடைப்பிடிக்கிறது. வழிகாட்டிப் புத்தகத்துக் கட்டுரைகளில் இந்த 'ஆம்' கிடையாது. அங்கே எல்லாம் ஒரே நிச்சயத்தோடு முழங்கும். 'போட்டார்களாம்' என்பது பேச்சு வழக்கு, 'போட்டனர்' என்று மாற்ற வேண்டும் என்று நினைப்பது பிசகு. 'போட்டார்களாம்' என்பதும் குற்றமற்ற எழுத்துத் தமிழே.

ஆனால் அதே வாக்கியத்தில் விஷயப் பிழை ஒன்று இருந்தது. 'குடத்துல ஓட்டு போட்டாங்களாம்' என்றிருந்ததே, அது சரியல்ல. விஷயப் பிழையை விட்டுவிடுவது குழந்தையின் குரலைக் காப்பதாகாது. அவளுக்குத் தெரியாததைத் தெரியாமலே இருக்கச் செய்வதாகும். ஆனாலும் சரியான விடையை வாக்கியமாகச் செய்து கையில் கொடுக்கக் கூடாது. "ஓட்டுன்னா அதிகமா ஓட்டு வாங்கினவங்க ஜெயிப்பாங்க. இங்கே குடத்துக்குள்ளே கையை விட்டுப் பையன் ஒரு ஓலையை எடுக்கிறான். யார் ஜெயிச்சாங்கன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். சற்று நேரம் யோசித்தவள், "எடுத்த ஓலையில யார் பேரோ அவங்கதான். அப்ப இது ஓட்டு இல்ல தாத்தா, சீட்டுக் குலுக்கிறது" என்றாள். நோட்டில் 'ஓட்டு' என்ற சொல்லை மட்டும் அடித்தாள். 'ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டார்களாம்' என்று மிஞ்சிற்று. சரியான வாக்கியம், நான் ஒரு சொல்லும் கொடுக்கவில்லை.

கேள்வி கேட்பதிலும் அளவு வேண்டும். இரண்டு மூன்று கேள்விக்கு மேல் போனால் கட்டுரை நம்முடைய கேள்விகளுக்கு விடைத்தாளாகிவிடும். எங்கே, எப்போது, யார், எப்படி இருந்தது என்ற கேள்விகள் குழந்தையை அவள் கண்ட காட்சிக்கே திருப்பி அனுப்புகின்றன. இதிலிருந்து நாம் அறிவது என்ன என்ற கேள்வி அவளை நம் முகத்தைப் பார்க்க வைத்துவிடுகிறது. "சுவர் முழுக்கவா சுட்டது?" என்று மட்டும் கேட்டேன். "இல்ல, வெயில் பட்ட இடம் மட்டும்தான். கீழ இருந்த வரி ஜில்லுன்னு இருந்துச்சு" என்றாள். "அதை எழுதலாமே" என்றதற்கு, "அதெல்லாம் கட்டுரையில எழுதலாமா?" என்று ஆச்சரியத்தோடு கேட்டாள். கட்டுரையில் தான் கண்டதை எழுதக் கூடாது என்று பத்து வயதுக்குள் ஒரு குழந்தை முடிவு கட்டிவிட்டிருக்கிறது என்பது என் மனத்தை உறுத்தியது. 'ஜில்லென்று' என்று எழுதச் சந்தேகப்பட்டவளிடம் அது நல்ல தமிழ்தான் என்று உறுதி கூறினேன்.

இந்த விஷயத்தைச் சிந்தித்தவர்களில் ருஷ்யாவின் டால்ஸ்டாயை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. தம் கிராமமான யாஸ்னயா பொல்யானாவில் குடியானவர்களின் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தி வந்த அவர், ஒரு பழமொழியைக் கொடுத்துக் கதை எழுதச் சொல்லி, தாமும் அவர்களோடு உட்கார்ந்து எழுதிய அனுபவத்தை 1862-இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். குடியானவர் குழந்தைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுக்க வேண்டியது நாமா, நமக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியது அவர்களா என்பதே அதன் தலைப்பின் கருத்து. ஃபெத்கா என்ற சிறுவன், கதையில் வரும் ஒரு குடியானவன், பெண்பிள்ளையின் உரோம மேலங்கியைப் போட்டுக்கொண்டு வந்ததாகச் சொல்கிறான். அந்தச் சிறு விவரம் தமக்கு ஒருபோதும் தோன்றியிராது என்பதையும், அந்த ஒரே விவரத்தால் அக்குடும்பத்தின் நிலை முழுவதும் கண்முன் வந்துவிடுகிறது என்பதையும் டால்ஸ்டாய் உணர்கிறார். திருத்துகிறவர் அறிய வேண்டியது இதுவே: அநாவசியம் என்று நமக்கு முதலில் படுகிற விவரத்தில் பென்சிலை வைப்பதற்கு முன், அது ஏன் அங்கே வந்தது என்று குழந்தையைக் கேட்க வேண்டும்.

'அவன் பெயர் கல்வெட்டில் இல்லை' என்ற வாக்கியத்தைப் பற்றி அப்படித்தான் கேட்டேன். கல்வெட்டு ஒரு நாள் நடந்த சம்பவத்தைச் சொல்லவில்லை, விதியைச் சொல்கிறது. ஆகவே அதில் எந்தச் சிறுவனின் பெயரும் வர நியாயமில்லை என்பது எனக்குத் தெரியும். "எந்த வருஷத்துப் பையன் பேரு?" என்றேன். "எல்லா வருஷத்துப் பையன் பேரும்தான்" என்றாள். அதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. கடைசி வாக்கியமான 'எனக்கு அது பிடிக்கவில்லை' என்பதை எடுத்துவிட வேண்டும், ஊர்க் கட்டுரை ஊரைப் புகழ்ந்துதான் முடிய வேண்டும் என்று மகன் வற்புறுத்தினான். முன்னுரை, முடிவுரை என்று தலைப்பிட வேண்டும் என்பது பள்ளிக்கூடத்தின் நியமம். அதற்குக் கட்டுப்பட்டு, முதல் இரண்டு வாக்கியங்களுக்கு மேலே ஒன்றும் கடைசி இரண்டுக்கு மேலே மற்றொன்றுமாகத் தலைப்பிடச் சொன்னேன். தலைப்பு பள்ளிக்கூடத்தினுடையது, அதன் கீழே இருப்பது அவளுடையது. இதனால் ஒரு மதிப்பெண் குறையவும் கூடும். பரீட்சைக்கு எழுதும் முறை வேறு, மேற்கோளும் உட்தலைப்பும் அங்கே கணக்கில் வரும் என்பதைக் குழந்தையிடம் ஒளிக்காமல் தனியே சொல்லிக் கொடுத்துவிடுவது நல்லது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி வைப்பதுதான் தீங்கு.

எல்லாம் முடிந்தபின், கல்வெட்டு ஏன் படிக்க வரவில்லை என்பதற்குக் காரணம் சொன்னேன்: ஆயிரம் வருஷத்துக்கு முந்திய தமிழ் எழுத்தின் வடிவமே வேறு, மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளியும் வைக்க மாட்டார்கள், நடுவே வடமொழிச் சொற்களுக்குக் கிரந்த எழுத்தும் வரும் என்றெல்லாம். அவளுக்கு அதையும் சேர்க்க ஆசை. சேர்க்கலாம், ஆனால் யார் சொன்னது என்பதும் சேர வேண்டும் என்றேன். 'அப்போது எழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்களாம், தாத்தா சொன்னார்' என்று எழுதினாள். பெரியவர்களிடம் கேட்டறிந்ததைக் குழந்தை எழுதுவதில் தவறே இல்லை. பெரியவர் வாக்கியத்துக்குள் ஒளிந்துகொள்வதில்தான் தவறு. அவள் கடைசியாக எழுதிய படி இது.

"எங்கள் ஊர் பெயர் உத்திரமேரூர். பேருந்து நிலையத்தின் பக்கத்தில் கல்வெட்டுக் கோயில் இருக்கிறது. அந்தச் சுவரில் எழுத்து நிறைய இருக்கிறது. ஆனால் எனக்கு ஒன்றுமே படிக்க வரவில்லை. அது தமிழ்தான் என்று டீச்சர் சொன்னார்கள். அப்போது எழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்களாம், தாத்தா சொன்னார். நான் கையை வைத்துத் தடவினேன். வெயில் பட்ட இடம் சுட்டது. கீழே இருந்த வரி ஜில்லென்று இருந்தது. அந்தக் காலத்தில் ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டார்களாம். ஒரு சின்னப் பையன்தான் எடுக்க வேண்டுமாம். அதில் யார் பெயர் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாதாம். அவன் பெயர் கல்வெட்டில் இல்லை. எனக்கு அது பிடிக்கவில்லை."

நம் திருத்தம் எல்லை மீறிவிட்டதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. மறுநாள் நோட்டை மூடிவிட்டு, என்ன எழுதினாய் என்று சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும். தன் வாக்கியத்தைக் குழந்தை ஏறக்குறைய அதே சொற்களில் சொல்லும். நம்முடையதை ஒன்று மறந்திருக்கும், அல்லது மனப்பாடம் ஒப்பிக்கிற ராகத்தில் சொல்லும். நாலைந்து சொல் வாக்கியங்களுக்கு நடுவே 'மற்றும்' போட்டு நீட்டிய வாக்கியம் ஒன்று நின்றாலும் அது பெரியவருடையதே. அப்படிப் பிடிபட்ட வாக்கியத்தை எடுத்துவிட்டு, அதே இடத்தில் குழந்தை என்ன சொல்ல விரும்பியது என்று கேட்டு எழுதவிட வேண்டும். வீட்டுப்பாடத்தைப் பார்க்கிற ஆசிரியருக்கும் இதனால் பயன் உண்டு. தாத்தாவின் தமிழை வாசித்துப் பேத்திக்கு ழகரம் வரவில்லை என்று அவர் கண்டுபிடிப்பது எப்படி?

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு நோட்டு இருக்குமானால், அடித்தலும் திருத்தலும் நிறைந்த முதற் படியை அசிங்கம் என்று கிழித்துப் போடாதீர்கள். மேலே தேதியை எழுதி வையுங்கள். அடுத்த கட்டுரை வரும்போது அதை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திருத்த உட்காருங்கள். சென்ற முறை கோடு போட்ட எழுத்து இந்த முறை சரியாக வந்திருந்தால் அதைக் குழந்தைக்குக் காட்டுங்கள். புதிதாகக் கோடு போட ஓர் இனப் பிழையை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்.